நேற்றைய தேதி போட்ட பில்

"அக்கா, டிக்கெட் டிக்கெட்டுன்னு எல்லாரும் சொல்றீங்களே, அப்படின்னா என்னக்கா?"

விருதுநகர் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் இப்படிக் கேட்டான். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனம் எங்களுடையது. காலையிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். "அந்த டிக்கெட் என்னாச்சு?", "டிக்கெட் போட்டுட்டீங்களா?", "டிக்கெட் இல்லாம எதையும் தொடாதே." பஸ்ஸுக்கும் சினிமாவுக்கும் டிக்கெட் வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கியிருக்கிறாயா என்று கேட்டேன். வாசலில் பெயரும் வயதும் எழுதி ஒரு சீட்டு கொடுப்பார்கள். டாக்டர் அதில் நோயை எழுதுவார், ரத்தப் பரிசோதனை செய்தவர் முடிவை எழுதுவார், மருந்து கொடுப்பவர் அதைப் பார்த்துத்தான் மாத்திரை எடுப்பார். நோயாளி எங்கே போனாலும் சீட்டும் கூடவே போகும். எங்கள் டிக்கெட்டும் அப்படித்தான். மென்பொருளில் ஒரு கோளாறு என்று யாராவது சொன்னதும் அதற்கு ஒரு எண் விழுகிறது. அதன் பிறகு அந்தக் கோளாறைப் பற்றி யார் என்ன கேட்டார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் எழுதப்படும். காகிதத்துக்குப் பதில் திரை, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. மோசில்லா குழு 1998இல் வெளியிட்ட பக்ஸில்லா அவற்றில் பழையது. இன்று பல அலுவலகங்களில் இருக்கும் ஜிரா 2002இல் வந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவில் முதல் எழுத்தை வெட்டினால் வருவதுதான் ஜிரா. அதைச் செய்தவர்கள் அதற்கு முன் பக்ஸில்லாவைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள்.

இவ்வளவு சொல்லியும் அவன் முகம் தெளியவில்லை. போன மாதம் நாங்கள் மூடிய ஒரு டிக்கெட்டைத் திரையில் திறந்து, அதன் முதல் வரியிலிருந்து படிக்கச் சொன்னேன். எண் BILL-412.

அந்த மாதம் 12ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு, கோயம்பேடு சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தார். "பில்லுல தேதி தப்பா வருதும்மா. கணக்கே ஒட்ட மாட்டேங்குது." போனை எடுத்த பெண் "தேதி தவறாக வருகிறது" என்று தலைப்பிட்டு டிக்கெட்டைத் திறந்திருந்தார்.

தம்பிக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. "தேதி தப்பு. சரி பண்ணணும். அவ்வளவுதானேக்கா?"

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரி செய்ய முடியாது. எந்தத் தேதி வர வேண்டும், எந்தத் தேதி வந்தது? எல்லா பில்லிலுமா, சிலவற்றில் மட்டுமா? எப்போதிலிருந்து? நல்ல டிக்கெட்டில் குறைந்தது மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: அவர் என்ன செய்தார், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார், உண்மையில் என்ன நடந்தது. "வேலை செய்யவில்லை" என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை என்பதைப் புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டேதம் 1999இலேயே ஒரு கட்டுரையாக எழுதிவைத்தார். கோளாறுகளை எப்படித் தெரிவிப்பது என்பதற்கு இன்றும் நான் புதியவர்களைப் படிக்கச் சொல்வது அதைத்தான்.

எங்கள் சேவைப் பிரிவுப் பெண் நல்ல அனுபவசாலி. தலைப்பை எழுதிவிட்டுப் போனை வைத்துவிடவில்லை. "அண்ணே, ஒரு பில்லை போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?" என்று கேட்டு வாங்கி டிக்கெட்டில் சேர்த்திருந்தார். அந்தப் படத்தில்தான் விஷயம் இருந்தது. பில்லின் மேலே தேதி 11 என்று இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் மணி 2:47 என்று அச்சாகியிருந்தது. வியாபாரி அதைப் போட்டது 12ஆம் தேதி அதிகாலையில். கோயம்பேட்டில் நள்ளிரவுக்குப் பிறகுதான் மொத்த வியாபாரம் சூடு பிடிக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் இருட்டோடு வந்து சரக்கெடுத்துக்கொண்டு விடிவதற்குள் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்து பில்லில் மணி சரியாக இருக்கிறது, தேதி மட்டும் ஒரு நாள் பிந்தியிருக்கிறது. தலைப்பு உடனே மாற்றப்பட்டது: "நள்ளிரவுக்குப் பின் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி வருகிறது." இந்தத் தலைப்பைப் படிக்கும்போதே எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் தினமும் காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து புதிய டிக்கெட்டுகளைப் பிரிப்போம். இதற்கு ட்ரியாஜ் என்று பெயர். பிரித்தெடுப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரிப்பதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்கிறோம். கோளாறு எவ்வளவு கடுமையானது என்பது ஒன்று. எவ்வளவு சீக்கிரம் சரி செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நாளைக்குத் திறப்பு விழா நடக்கப்போகும் கடையின் பெயர் பில்லில் எழுத்துப் பிழையோடு வந்தால் கணக்கு ஒன்றும் கெடாது. கடுமை மிகக் குறைவு. ஆனாலும் இன்றே சரி செய்தாக வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கை எடுக்கும்போது மென்பொருள் நின்றுபோகிறது என்றால் கடுமை அதிகம். ஆனால் அதை வருடத்தில் ஒருவர் எடுத்தாலே அதிகம் என்பதால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

BILL-412க்கு முதலில் நடுத்தரம் என்று போட்டோம். நூற்றுக்கணக்கான கடைகளில் ஒரே ஒரு கடையிலிருந்துதான் புகார் வந்திருந்தது. ஒரு புதிய டிக்கெட்டை யாரிடமாவது கொடுப்பதற்கு முன் அதே போன்ற பழைய டிக்கெட் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வழக்கம். "தேதி", "இரவு" என்று தேடினேன். பதினாறு நாட்களுக்கு முந்தைய டிக்கெட் ஒன்று வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடையிலிருந்து வந்தது. "இரவு விற்றது இன்றைய விற்பனையில் காணவில்லை." அதன் நிலை: மூடப்பட்டது. காரணம்: கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. மூடியவர்: நான்.

இதைப் படித்ததும் தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று என்ன நடந்தது என்பதைச் சொன்னேன். அந்த டிக்கெட் என்னிடம் வந்தபோது காலை பதினோரு மணி. பத்து பில் போட்டுப் பார்த்தேன். பத்தும் அன்றைய விற்பனையில் சரியாக வந்தன. கடைக்காரர் ஏதோ தேதியை மாற்றி வைத்துப் பார்த்திருப்பார் என்று எண்ணி மூடிவிட்டேன். அவர் "இரவு" என்று எழுதியிருந்தார். நான் பகலில் சோதித்தேன். பக்ஸில்லாவில் இப்படி மூடுவதற்கு WORKSFORME என்றே ஒரு முடிவு உண்டு, என்னிடம் வேலை செய்கிறது என்று பொருள். அவரிடமும் வேலை செய்கிறதா என்று நான் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் வந்த சேதம் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு கடைகள் என்று ஆனதும் டிக்கெட்டின் முன்னுரிமை மேலே ஏறியது. இரண்டு டிக்கெட்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்தோம். எங்கள் குழுவில் பில் பகுதியை நன்றாக அறிந்த ஒருவர் பெயரில் BILL-412 ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைப்பு என்றால் ஒரே ஒரு பெயர். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று விட்ட டிக்கெட்டுகள் மாதக்கணக்கில் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலையைத் தொடங்கியதும் டிக்கெட்டின் நிலை "ஓப்பன்" என்பதிலிருந்து "இன் பிராகிரஸ்" ஆனது.

முதலில் அவர் செய்தது, நான் செய்யத் தவறியதைத்தான். சோதனைக் கணினியின் கடிகாரத்தை அதிகாலை 2:47க்குத் திருப்பி வைத்து ஒரு பில் போட்டார். முந்தைய நாள் தேதி வந்தது. கோளாறு நம் கைக்குள் வந்துவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிகிற கோளாறை நினைத்த நேரத்தில் நிறுத்திப் பார்க்கவும் முடியும். பிறகு நிரலைத் திறந்தார். பில்லின் தேதியைத் தீர்மானிக்கும் வரி இதுதான்:

```python
bill_date = date.today()
```

பார்ப்பதற்கு ஒரு குற்றமும் இல்லாத வரி. இன்றைய தேதி என்ன என்று கணினியைக் கேட்கிறது. ஆனால் எந்தக் கணினியை? பில் அச்சாவது கடைக்காரர் மேசையில். அடியில் வரும் மணியை அவருடைய கணினி கொடுக்கிறது, அதனால் அது சரியாக இருந்தது. தேதியைக் கொடுப்பது எங்கள் சர்வர். பத்தொன்பது நாட்களுக்கு முன்புதான் நாங்கள் பழைய சர்வரை விட்டுப் புதியதற்கு மாறியிருந்தோம். புதியதன் கடிகாரம் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் இருந்தது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. கோயம்பேட்டில் 12ஆம் தேதி அதிகாலை 2:47 என்றால் அந்தக் கடிகாரத்தில் 11ஆம் தேதி இரவு 9:17தான். "இன்று என்ன தேதி?" என்று கேட்டதற்கு அது 11 என்று தன் கணக்கில் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து அதிகாலை ஐந்தரை வரை போடும் எல்லா பில்லுக்கும் இதே கதிதான். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் கடைகளுக்கு ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கான கடைகள் வாய் திறக்காததன் காரணம் அதுதான். கோயம்பேட்டு வியாபாரிக்கோ ஒரே ராத்திரி வியாபாரம் ஐந்தரை மணிக்கு இரண்டாக வெட்டுப்பட்டது. அதற்கு முன் விற்றது ஒரு தேதியிலும், பின் விற்றது இன்னொரு தேதியிலும் போய் விழுந்தது. கையில் இருக்கும் பணமும் திரையில் இருக்கும் வசூலும் எப்படி ஒட்டும்?

இவை அத்தனையையும் அவர் டிக்கெட்டில் எழுதினார். தம்பியிடம் அந்தக் குறிப்பை நிதானமாகப் படிக்கச் சொன்னேன். "கண்டுபிடித்துவிட்டேன், சரி செய்கிறேன்" என்று எழுதியிருந்தால் அன்றைக்குப் போதும். ஆறு மாதம் கழித்து வேறு யாரோ இதே போன்ற கோளாறோடு மல்லுக்கட்டும்போது அந்த வரி உதவாது. இந்தக் குறிப்பில் பார்த்த நேரம், செய்து பார்த்த சோதனை, காரணம், யாரைப் பாதிக்கும், யாரைப் பாதிக்காது என்பதெல்லாம் இருந்தன.

"சர்வர் கடிகாரத்தை நம்ம நேரத்துக்கு மாத்திட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடுமேக்கா?"

நல்ல கேள்விதான். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அடுத்த முறை சர்வர் மாறும்போது இதே கோளாறு திரும்ப வரும். பில்லின் தேதி எந்த ஊர்த் தேதி என்பதை நிரலே சொல்ல வேண்டும், சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறக் கூடாது. அதனால் அந்த வரி இப்படி மாறியது:

```python
bill_date = datetime.now(ZoneInfo("Asia/Kolkata")).date()
```

கொல்கத்தா என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நேர மண்டலங்களின் பட்டியலில் இந்தியா முழுமைக்கும் அந்த ஒரு பெயர்தான்.

மாற்றிய நிரலை அவரே நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட முடியாது. இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் டிக்கெட்டின் நிலை "ரிவ்யூ". இந்த முறை படித்தது நான். மாற்றிய வரி சரியாகத்தான் இருந்தது. மாற்றாத வரிகளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். இதே `date.today()` வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். ஏழு இடங்களில் இருந்தது. அதில் மூன்று இடங்களில் இதே தவறு நடந்துகொண்டிருந்தது. கடன் பாக்கி நினைவூட்டல் அனுப்பும் பகுதி அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்தின் குறிப்பிலும் டிக்கெட் எண்ணை எழுதினார். பின்னாளில் யாராவது இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தால், `git log --grep=BILL-412` என்று தட்டினால் அந்த எண்ணுக்காகச் செய்த மாற்றங்கள் எல்லாம் வரிசையாக வரும். அங்கிருந்து டிக்கெட்டுக்கு வந்து முழுக் கதையையும் படித்துக்கொள்ளலாம்.

அடுத்து டெஸ்டிங். எங்கள் டெஸ்டர் அக்கா ஒரு பில் போட்டுப் பார்த்துத் தலையாட்டுகிறவர் அல்ல. எல்லைகளில்தான் கோளாறு ஒளிந்திருக்கும் என்று அவர் எப்போதும் சொல்வார். இரவு 11:59, நள்ளிரவு 12:00, அதிகாலை 5:29, 5:30 என்று நான்கு நேரங்களில் பில் போட்டார். மார்ச் 31 நள்ளிரவு தாண்டி ஏப்ரல் 1 பிறக்கும்போது நிதியாண்டு மாறி பில் எண்ணும் புதிதாகத் தொடங்குகிறதா என்றும் பார்த்தார். பில்லில் தேதி எல்லா நேரத்திலும் சரியாக வந்தது. பிறகு "இன்றைய விற்பனை" என்ற பக்கத்தைத் திறந்தார். அதிகாலை 2:47க்குப் போட்ட பில் அதில் இல்லை.

டிக்கெட் "டெஸ்டிங்" நிலையிலிருந்து மீண்டும் "இன் பிராகிரஸ்" நிலைக்குத் திரும்பியது. காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் இன்றைய தேதியை நிரலிடம் கேட்கவில்லை, தரவுத்தளத்திடம் `CURRENT_DATE` என்று கேட்டது. தரவுத்தளமும் யு.டி.சி.யில்தான் இருந்தது. நாங்கள் `date.today()` என்று தேடியபோது இது எப்படிக் கண்ணில் படும்? வேறு மொழியில் வேறு பெயரோடு உட்கார்ந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் பதினாறு நாட்களுக்கு முன் எழுதியது இந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

"திரும்பி வந்தா அவமானமா இருக்காதாக்கா?" என்றான் தம்பி.

அந்த டிக்கெட் திரும்பி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனையே யோசிக்கச் சொன்னேன். பில்லில் சரியான தேதியும், விற்பனைப் பக்கத்தில் தவறான கணக்கும் கடைக்காரருக்குப் போயிருக்கும். முன்பாவது இரண்டும் ஒரே மாதிரி தவறாக இருந்தன.

இரண்டாம் முறை எல்லாம் தேறியது. வெளியிடும் நேரத்தைக் கொஞ்சம் யோசித்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியிடுவது என்று முடிவானது. கோயம்பேட்டு வியாபாரி தூங்கும் நேரம் அது. ஏதாவது தவறாகப் போனாலும் நள்ளிரவுக்குள் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. வெளியிட்டதும் டிக்கெட் "ரிசால்வ்டு" ஆனது.

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ரிசால்வ்டு என்பதும் குளோஸ்டு என்பதும் வேறு. சரி செய்துவிட்டதாக நாம் நினைக்கிறோம் என்பது முதலாவது. சரியாகிவிட்டது என்று பார்த்து உறுதி செய்தாகிவிட்டது என்பது இரண்டாவது. BILL-412 விஷயத்தில் பகலில் எதையுமே உறுதி செய்ய முடியாது. ஓர் இரவு கடந்தாக வேண்டும். மறுநாள் காலை தரவுத்தளத்தில் ஒரு கேள்வி ஓட்டினோம். ஒவ்வொரு பில்லும் எந்த நொடியில் பதிவானது என்பது தனியாக ஓர் இடத்தில் இருக்கும், அது தவறவில்லை. அந்த நொடியை நம் நேரத்துக்கு மாற்றி, பில்லின் தேதி அதைவிடப் பிந்தியிருக்கும் பில்களை மட்டும் எடுத்தோம்:

```sql
SELECT bill_no, bill_date, created_at FROM bills
WHERE bill_date <
  (created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date;
```

முந்தைய இரவில் அப்படி ஒரு பில்கூட இல்லை. எட்டு மணிக்கு, அவர் கடையடைத்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, சேவைப் பிரிவுப் பெண் வியாபாரிக்குப் போன் செய்தார். "நேத்து ராத்திரி போட்டதெல்லாம் சரியா இருக்கும்மா. பழசு என்ன பண்றது?" என்று கேட்டார் அவர்.

பழையது. நிரல் திருந்திவிட்டது, அதற்கு முன் தவறான தேதியோடு போய் உட்கார்ந்த பில்கள் அப்படியே இருந்தன. அதே கேள்வியைச் சர்வர் மாறிய நாளிலிருந்து ஓட்டிப் பார்த்தபோது பதினொரு கடைகளின் பில்கள் வந்தன. புகார் சொன்னவை இரண்டே கடைகள். இதற்கு BILL-412ஐத் திறந்தே வைத்திருக்காமல், அதோடு இணைத்து ஒரு புதிய டிக்கெட் போட்டோம். நிரலைத் திருத்துவதும் கணக்கைத் திருத்துவதும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆபத்துகள்.

ஒரே கட்டளையில் எல்லாத் தேதியையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். சில கடைக்காரர்கள், முந்தைய நாள் எழுத மறந்த பில்லை மறுநாள் உட்கார்ந்து பழைய தேதியில் தெரிந்தே போடுவார்கள். அவையும் எங்கள் கேள்வியில் தேறி வந்திருந்தன. கையால் தேதி மாற்றிய பில்களுக்குத் தனி அடையாளம் இருந்ததால் அவற்றை ஒதுக்க முடிந்தது. மீதி பில்களையும் நாங்களாகத் தொடவில்லை. பில் ஏற்கெனவே அச்சாகி வாங்கியவர் கையில் இருக்கிறது. காகிதத்தில் ஒரு தேதியும் கணக்கில் ஒரு தேதியும் இருக்கலாமா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். பதினொரு கடைகளுக்கும் பட்டியலை அனுப்பிக் கேட்டோம். கோயம்பேட்டு வியாபாரி உடனே சரி என்றார்.

மருந்துக் கடை விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. நடுவில் மாதம் மாறியிருந்தது. 1ஆம் தேதி அதிகாலை விற்றவை முந்தைய மாதத்தின் கடைசி நாளில் போய் விழுந்திருந்தன. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் கடை அது. அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், அந்தத் தவறான கணக்கோடு 11ஆம் தேதியே தாக்கல் முடிந்துவிட்டது. BILL-412 பிறந்தது 12ஆம் தேதி. நான் மூடிய பழைய டிக்கெட்டை மூடாமல் வைத்து, ராத்திரி என்ற சொல்லைக் கவனித்திருந்தால், தாக்கலுக்கு முன்பே சரி செய்ய இரண்டு வாரம் இருந்திருக்கும். பின்னர் வரும் தாக்கலில் திருத்திக் காட்ட வழியிருக்கிறது. அவர்களுடைய ஆடிட்டர் சொன்ன முறைப்படி அதைச் செய்தோம். கடைக்காரரிடம் நானே போனில் பேசி மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்து, "மீண்டும் வரவழைக்க முடியவில்லை" என்று இருந்த காரணத்தை நீக்கி, "BILL-412ஓடு ஒன்று" என்று மாற்றி, நான் எதைச் சோதிக்கத் தவறினேன் என்பதையும் எழுதி மூடினேன்.

அதன் பிறகே BILL-412இன் கடைசிக் குறிப்பு எழுதப்பட்டது. காரணம், திருத்திய இடங்கள், எந்த வெளியீட்டில் போனது, யார் எந்தத் தேதியில் உறுதி செய்தார்கள், பழைய பில்களுக்கான டிக்கெட் எண் எது. நிலை: குளோஸ்டு. தொலைபேசி வந்ததிலிருந்து ஒன்பது நாட்கள்.

தம்பி திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, சர்வர் மாத்தினதுக்கும் ஒரு டிக்கெட் இருக்கும்ல?"

இருந்தது. திறந்தோம். சர்வர் மாற்றும்போது சரிபார்க்க வேண்டியவை என்று இருபத்து மூன்று வரிகளில் ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது. கடிகாரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அப்போ பழைய சர்வர்ல மட்டும் எப்படிக்கா நம்ம நேரம் இருந்துச்சு?"

அதைத் தேடினோம். எந்த டிக்கெட்டும் கிடைக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் சர்வருக்குள் போய்க் கடிகாரத்தை மாற்றியிருக்கிறார். எங்கும் எழுதிவைக்கவில்லை. பட்டியல் தயாரித்தவர்களுக்கு அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒன்பது நாள் பாடுபட்டு டிக்கெட்டை மூடிய எங்களில் ஒருவருக்கும் இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பட்டியல் இன்னும் அதே இருபத்து மூன்று வரிகளோடுதான் இருந்தது.

விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினேன். "புதுசு" என்ற பொத்தானை அழுத்தினான். தலைப்பில் "டைம் பிரச்சினை" என்று தட்டினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தான். பிறகு மெதுவாகத் தட்டத் தொடங்கினான்: "சர்வர் மாற்றும்போது சரிபார்க்கும் பட்டியலில் நேர மண்டலத்துக்கான வரி இல்லை. பார்க்க: BILL-412."

எண் விழுந்தது. BILL-447. நிலை: ஓப்பன்.